பதினொரு மணி ரிப்போர்ட்டுக்கு ஐந்தரை மணி டியூட்டி

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு நடுத்தர மருத்துவமனையின் லேப் வாசலைப் பார்த்தால், ஊரில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, ரிப்போர்ட் எப்ப கிடைக்கும்?” உள்ளிருந்து வரும் பதிலும் ஒன்றுதான்: “பதினொரு மணிக்கு வாங்கம்மா.”

அந்தப் பதினொரு மணி என்பது டாக்டர் ஓ.பி.யில் உட்காரும் நேரத்தை வைத்து முடிவு செய்யப்பட்டது. ரிப்போர்ட் அதற்குள் வந்தால் நோயாளி அன்றே டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். வராவிட்டால் இன்னொரு நாள் லீவு போட்டு, இன்னொரு முறை பஸ் ஏற வேண்டும். ஆனால் வாக்குக் கொடுத்த லேப்புகள் பலவற்றில் அந்த நேரம் தவறுவது வழக்கமாகவே இருக்கிறது. கருவி பழசு, ஆள் போதாது என்று காரணம் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையாக இருக்கலாம். பல இடங்களில் கருவியும் போதும், ஆளும் போதும். அந்த ஆட்கள் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கூட்டம் ஏன் காலையில் குவிகிறது? வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தூங்கும் நேரத்தோடு சேர்த்தால்தான் அது எளிது. கார்டிசால் என்ற ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, மாலையில் இறங்கிவிடும். அதனால் காலை எட்டு மணியை ஒட்டி எடுத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ரத்தத்தில் இரும்புச் சத்தின் அளவும் பொழுதுக்கு ஏற்ப மாறும். வார்டில் இருப்பவர்களுக்கோ, டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரிப்போர்ட் வேண்டும். நாள் முழுவதும் பரவ வேண்டிய வேலையில் பெரும்பகுதி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்து இறங்குகிறது. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரி 657 நிறுவனங்களில் அதிகாலை ரத்தம் எடுக்கும் வேலையை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்து 1998இல் வெளியிட்டது. எந்த நாட்டிலும் லேப்பின் நெருக்கடி இந்த நேரத்தில்தான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லேப்பில் ஒரு நாளில் பணிக்கு வருபவர்கள் 10 பேர். காலை 6.30 முதல் 8.30 வரை 100 நோயாளிகள் வருகிறார்கள். முதல் அரை மணியில் 20 பேர், ஏழிலிருந்து எட்டுக்குள் 55 பேர், கடைசி அரை மணியில் 25 பேர். பெயரைக் கேட்டு உறுதி செய்து, நரம்பு தேடி, ரத்தம் எடுத்து, டியூபில் லேபிள் ஒட்டி, அடுத்தவரை அழைக்க ஒருவருக்கு நாலரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டெக்னீஷியன் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 13 பேருக்கு ரத்தம் எடுக்கலாம்.

இந்த லேப்பின் பழைய டியூட்டி பட்டியல் எங்கும் காண்பதுபோலத்தான் இருக்கிறது. காலை 6 முதல் 2 வரை மூன்று பேர். 9 முதல் 5 வரை ஜெனரல் டியூட்டி நான்கு பேர். அனுபவசாலிகள் எல்லாம் இதில். மதியம் 2 முதல் இரவு 10 வரை இரண்டு பேர். இரவுக்கு ஒருவர்.

ஆறு மணிக்கு வந்த மூவரும் கூட்டத்தைப் பார்த்ததும் ரத்தம் எடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். மூவரும் சேர்ந்து மணிக்கு 39 பேரை முடிக்கிறார்கள். 8.30 ஆகும்போது 78 பேர் முடிந்து 22 பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். கடைசி ஆள் எழும்போது மணி 9.05ஐத் தாண்டிவிடும். இவ்வளவு நேரமும் அனலைசர் கருவி சும்மா கிடக்கிறது. முதலில் எடுத்த டியூப்கள் இரண்டரை மணி நேரமாக ஸ்டாண்டில் நிற்கின்றன. ஒன்பது மணிக்கு ஜெனரல் டியூட்டி ஆட்கள் வந்து கருவியைத் தயார் செய்து, கன்ட்ரோல் ஓட்டி முடிக்க மணி பத்து. ஒரு ஆளுக்குச் சராசரி 6 டெஸ்ட் என்றால் மொத்தம் 600. கருவி நடைமுறையில் மணிக்கு 300 டெஸ்ட் முடிக்கும் என்று கொண்டால், ஓடி முடிய இரண்டு மணி நேரம். அதற்கு மேல் சரிபார்ப்பு. கடைசி ரிப்போர்ட் கைக்கு வரும்போது மதியம் பன்னிரண்டரை, ஒன்று. இத்தனைக்கும் யாரும் சோம்பி உட்காரவில்லை. ஒன்பது மணி வரை மூன்று பேர் திணறினார்கள். ஒன்பதுக்கு மேல் ஏழு பேர் ஒரே கருவிக்காகக் காத்து நின்றார்கள்.

முகூர்த்தப் பந்தி எட்டு மணிக்கு என்றால் கல்யாண சமையல்காரர் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அடுப்பு எத்தனை மணிக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்வார். லேப் டியூட்டியையும் அப்படித்தான் போட வேண்டும். தொடங்க வேண்டிய இடம் பதினொரு மணி.

பதினொரு மணிக்கு ரிப்போர்ட் வெளியே போக வேண்டுமானால், கையெழுத்துப் போடும் பேத்தாலஜிஸ்ட் அல்லது உயிர்வேதியியல் நிபுணர் 10.45க்குள் பார்த்து முடிக்க வேண்டும். சந்தேகமான முடிவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்க 20, 25 நிமிடம் வேண்டும். ஆகவே கடைசி சாம்பிளின் முதல் முடிவு 9.50 வாக்கில் வந்தாக வேண்டும். கருவிக்குள் போய் வரிசையில் நின்று முடிவு வர அரை மணி. அதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுவதற்கு, அடுக்கி எடுக்கும் நேரத்தோடு 15 நிமிடம். அதற்கும் முன்பு ரத்தம் உறைய 30 நிமிடம். கூட்டிக் கழித்தால் கடைசி ரத்தம் 8.35க்குள் எடுத்திருக்க வேண்டும். “8.30க்குள் டோக்கன் எடுத்தவர்களுக்குப் பதினொரு மணி ரிப்போர்ட்” என்று போர்டு எழுதுவதற்கு அடிப்படை இந்தக் கழித்தல்தான். நேரம் தவறும் பல லேப்புகளில் போர்டு இருக்கும், இந்தக் கணக்கு இருக்காது.

இந்தச் சங்கிலியில் யார் அவசரப்பட்டாலும் சுருக்க முடியாத கண்ணி ஒன்று உண்டு. சீரம் எடுக்கும் சாதாரண டியூபில் ரத்தம் தானாக உறைய ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். நேரமாகிவிட்டது என்று பத்து நிமிடத்தில் எடுத்துச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் இழைகள் மிதக்கும். கருவியின் ஊசி அதை உறிஞ்சினால் அடைத்துக்கொள்ளும். அல்லது குறைந்த அளவு சீரத்தை எடுத்துத் தவறான எண்ணைத் தரும். அடைப்பை நீக்கிக் கருவியைத் திரும்ப ஓட்டுவதற்குள், மிச்சம் பிடித்த இருபது நிமிடத்தைப் போல இரண்டு பங்கு போய்விடும். காலக்கெடு நெருங்கும்போது ஒரு லேப்பில் இந்த அடைப்பு அலாரம் அடிக்கடி வருகிறது என்றால், உறைவதற்கான நேரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

அதேபோல டியூபை அதிக நேரம் நிறுத்தி வைக்கவும் கூடாது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும். இதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட டியூபும், அதில் சோடியம் ஃப்ளோரைடும். ஆனால் ஃப்ளோரைடு முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. அணுக்களுக்குள் நிறைய இருக்கும் அது, நேரம் ஆக ஆக வெளியே கசிந்து எண்ணை உயர்த்திக் காட்டும். அதனால்தான் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது பொது விதி. பழைய பட்டியலில் இரண்டரை மணி நேரம் ஸ்டாண்டில் நின்ற டியூப்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். தாமதத்தால் நோயாளியின் நேரம் மட்டும் போவதில்லை. அவர் கையில் வாங்கும் எண்ணே கெட்டுப்போகிறது.

இனி அதே பத்துப் பேரை மாற்றி உட்கார வைக்கலாம்.

5.30க்கு ஒருவர், அதுவும் அனுபவசாலி. 6.15க்கு ஐந்து பேர். நால்வர் ரத்தம் எடுக்க, ஒருவர் உள்ளே டியூப்களை வாங்கிப் பதிவு செய்து சுழற்ற. 8.30க்கு ஒருவர். மதியம் 1.30க்கு இரண்டு பேர். இரவு 9.30க்கு வந்து மறுநாள் காலை 5.45 வரை ஒருவர். கூடுதல் சம்பளம் யாருக்கும் இல்லை, ஆளும் கூடவில்லை.

நான்கு பேர் எடுத்தால் மணிக்கு 52. ஏழு மணிக்குள் வந்த 20 பேரும் உடனே முடிவார்கள். எட்டு மணிக்கு மூன்று பேர் பாக்கி, 8.30க்கு இரண்டு பேர் பாக்கி, 8.35க்கு வாசல் காலி. உள்ளே இருப்பவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து டியூப்களை எடுத்துப் போகிறார். ஸ்டாண்டு நிறையட்டும் என்று காத்திருப்பது பல லேப்புகளின் பழக்கம். அந்தக் காத்திருப்பில் அரை மணி யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும். 7.20 வாக்கில் முதல் சீரம் கருவிக்குள் போகிறது. ஏழரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை கருவி ஓய்வில்லாமல் ஓடுகிறது. எட்டரைக்கு வருபவர், ரத்தம் எடுத்து முடித்த நால்வரில் இருவரோடு சேர்ந்து திரும்ப ஓட்டும் வேலையையும் முடிவுகளின் முதல் சரிபார்ப்பையும் பார்க்கிறார். வேலை வாசலிலிருந்து சென்ட்ரிஃப்யூஜுக்கும், அங்கிருந்து கருவிக்கும், பிறகு கம்ப்யூட்டருக்கும் நகரும்போது ஆட்களும் அதோடு நகர்கிறார்கள். ஒருவர் ரத்தம் மட்டும் எடுப்பார், இன்னொருவர் கருவி மட்டும் பார்ப்பார் என்று பிரித்து வைத்த லேப்பில் இது நடக்காது. இரண்டு வேலையும் தெரிந்தவர்கள் பாதிப் பேராவது வேண்டும்.

இந்தப் பட்டியலில் மிக முக்கியமானவர் 5.30க்குத் தனியாக வந்து கதவைத் திறப்பவர். அவர் வரும் நேரத்தில் ஒரு நோயாளிகூட இருக்க மாட்டார். அதனாலேயே நிர்வாகத்துக்கு அந்த டியூட்டி வீண் என்று தோன்றும். அவர் கருவியைக் கழுவி, ரசாயனங்களின் அளவைப் பார்த்து, கன்ட்ரோல் திரவத்தை எடுத்துக் கரைத்துப் பதமாக்கி ஓட்டுகிறார். கன்ட்ரோல் என்பது அளவு முன்கூட்டியே தெரிந்த சாம்பிள். அதைக் கருவி சரியாகச் சொன்னால்தான் நோயாளியின் ரத்தத்தைக் கொடுக்கலாம். அந்த எண்களை நாள்தோறும் வரைபடத்தில் குறித்து வரும் முறையை லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950இல் லேப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கான விதிகளை ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1981இல் வகுத்தார்கள். இன்றும் புழங்குவது அவைதான்.

ஒரு நாள் சர்க்கரைக்கான கன்ட்ரோல் வரம்பை மீறிக் குதிக்கிறது என்று வைப்போம். புதிய கன்ட்ரோல் எடுத்து ஓட்டி, அப்போதும் சரியாகாமல், ரசாயனத்தை மாற்றி, கருவியை மறுபடி அளவு திருத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்க 40 நிமிடம் போய்விடும். ஐந்தரைக்குத் தொடங்கியவருக்குக் கன்ட்ரோல் முடிவு 6.30க்கு வந்திருக்கும், 7.10க்கு எல்லாம் சரி. முதல் சீரம் 7.20க்குத்தான் வருகிறது. வாசலில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதே கோளாறு ஒன்பது மணிக்குக் கருவியைத் தொட்ட பழைய பட்டியலில் வந்திருந்தால், அன்று கடைசி ரிப்போர்ட் ஒன்றரை, இரண்டு. அல்லது அதைவிட மோசமானது நடக்கும்: வெளியே கூட்டம் சத்தம் போட, “இன்னிக்கு ஓட்டிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற முடிவு. அந்தச் சலனத்துக்கு இடமே வைக்காமல் இருப்பதற்குத்தான் அந்தத் தனி ஆள்.

இவ்வளவு சரியாகப் போட்ட பட்டியலையும் கவிழ்ப்பது சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரை. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய ரத்தம் அது. காலை எட்டரைக்கு வெறும் வயிற்றில் கொடுத்தவர், பக்கத்து ஓட்டலில் இட்லி சாப்பிட ஆரம்பிக்கும்போது மணி 8.50 ஆகிவிடும். 10.50க்குத்தான் இரண்டாவது ஊசி. பதினொரு மணிக்கு அவருக்கு முழு ரிப்போர்ட் கிடைக்க வழியே இல்லை. காலை அலை ஓய்ந்து எல்லோரும் மூச்சு விடும்போது, சரியாக ரிப்போர்ட் வெளியிடும் நெருக்கடி நேரத்தில், இரண்டாவது அலை வந்து மோதுகிறது.

இதை ஆட்களைக் கூட்டிச் சமாளிப்பதைவிட வரிசையை மாற்றிச் சமாளிப்பது நல்லது. சர்க்கரை இரண்டு வேளையும் பார்க்க வேண்டியவர்களுக்கு 6.30 முதல் 7.15 வரை முதல் டோக்கன். 7.15க்குக் கொடுத்தவர் 7.40க்குச் சாப்பிட ஆரம்பித்தால் 9.40க்கு இரண்டாவது ரத்தம். சாம்பல் மூடி டியூபில் இருப்பது பிளாஸ்மாவுக்கான ரத்தம். உறையக் காத்திருக்க வேண்டாம். உடனே சுழற்றலாம், ஒரே ஒரு டெஸ்ட், முக்கால் மணி நேரத்தில் முடிவு. 10.25க்கு இரண்டு எண்களும் ஒரே தாளில் வந்துவிடும். ரத்தம் எடுக்கும் நால்வரில் மீதி இருவர் ஒன்பது மணிக்குமேல் வாசலிலேயே இருப்பது இதற்காகத்தான். ஏழே காலுக்குப் பிறகு வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: மற்ற ரிப்போர்ட் பதினொரு மணிக்கு, சாப்பிட்ட பின் எடுத்தது பன்னிரண்டரைக்கு. தைராய்டு, கொழுப்பு மட்டும் பார்க்க வந்தவர்கள் முக்கால் மணி தாமதமாக வந்தாலும் பதினொரு மணி அவர்களுக்குத் தவறாது.

வார்டு சாம்பிளில் வேறொரு சங்கடம். ஒன்பது மணி ரவுண்ட்ஸுக்கு ரிப்போர்ட் வேண்டும் என்பதற்காகச் செவிலியர்கள் ஐந்து மணிக்கே நோயாளிகளை எழுப்பி ரத்தம் எடுப்பார்கள். இரவெல்லாம் வலியில் புரண்டு நாலு மணிக்குக் கண்ணயர்ந்தவரை ஐந்து மணிக்கு ஊசியோடு எழுப்புவது கொடுமை. பின்னோக்கிய கணக்கை இங்கேயும் போட்டால், கருவி 6.45க்குத் தயாராக இருக்கும்போது ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு எட்டு மணி வாக்கில் கிடைத்துவிடும். ஐந்து மணி என்பது கருவி தாமதமாகத் தயாரான காலத்தின் பழக்கம். ஐந்தரை டியூட்டி வந்த பிறகு நோயாளிக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

தூக்கம் ஊழியர்களுக்கும் வேண்டும். ஐந்தரைக்கு வேலைக்கு வருபவர் நாலரைக்கு எழ வேண்டும். ஆனால் அதற்காக அவர் வீடு இரவு எட்டு மணிக்கே அடங்கிவிடாது. அதிகாலை டியூட்டி எப்போதும் தூக்கத்தில்தான் கைவைக்கும். முதல் நாள் இரவு 9.30 வரை வேலை பார்த்தவரையே மறுநாள் 5.30க்கு அழைப்பது பட்டியல் போடுபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. இடையில் எட்டு மணி நேரம் இருப்பதாகத் தாளில் தெரியும். பஸ், சாப்பாடு, குளியல் போனால் தூங்க ஐந்து மணி நேரம்கூட மிஞ்சாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிநேர விதி, இரண்டு பணிகளுக்கு இடையே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இங்கே அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், பட்டியல் போட நல்ல அளவுகோல். மதிய டியூட்டியிலிருந்து காலை டியூட்டிக்கு மாறும்போது நடுவில் வார விடுமுறையை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஐந்தரை டியூட்டி ஒருவர் தலையிலேயே விழாமல் மூன்று நான்கு பேருக்குள் வாரம் மாறி வர வேண்டும். விடிவதற்கு முன் பஸ் இல்லாத ஊர்களில் மருத்துவமனை வண்டி அனுப்ப வேண்டும். லேப்பில் வேலை பார்ப்பவர்களில் பலர் பெண்கள், இருட்டில் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லிவிட்டு நேரத்துக்கு வா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. திங்கட்கிழமை கூட்டம் கூடும் லேப்பில் அன்று யாருக்கும் வார விடுமுறை போடாமல் புதன், வியாழனுக்குத் தள்ளலாம்.

டெக்னீஷியன்களின் நேரத்தை எவ்வளவு நுணுக்கமாக மாற்றினாலும், கையெழுத்துப் போடுபவர் பத்தரைக்கு வந்தால் எல்லாம் வீண். 9.45க்குள் நூறு பேரின் முடிவுகள் திரையில் வந்து நிற்கும். அவர் வந்து ஒவ்வொன்றாகத் திறக்கும்போது மணி பன்னிரண்டு. அவரும் ஒன்பது மணிக்கு வந்து, முடிவுகள் வர வரப் பார்த்து விடுவிக்க வேண்டும். பெரிய லேப்புகளில், எல்லா எண்ணும் வரம்புக்குள் இருந்து, கன்ட்ரோலும் சரியாக இருந்து, போன முறை முடிவோடு பெரிய வேறுபாடும் இல்லையென்றால் கணினியே ரிப்போர்ட்டை விடுவிக்கும்படி விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நிபுணரின் கண் சந்தேகமானவற்றுக்கு மிஞ்சும். உயிருக்கு ஆபத்தான எண்களுக்கு இந்தக் காலக்கெடு பொருந்தவே பொருந்தாது. பொட்டாசியம் மிக உயர்ந்தோ சர்க்கரை மிக இறங்கியோ இருந்தால், பதினொரு மணிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே டாக்டருக்குப் போன் போக வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதியும் வைக்க வேண்டும்.

புதிய பட்டியல் வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? பல லேப்புகள் மாதக் கடைசியில் சராசரி நேரத்தைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைகின்றன. நூறு ரிப்போர்ட்டில் 90 பத்தரைக்கு வெளியேறி, 10 மதியம் ஒரு மணிக்கு வெளியேறினால் சராசரி 10.45 என்றுதான் வரும். காகிதத்தில் காலக்கெடு காப்பாற்றப்பட்டுவிட்டது. பத்துப் பேர் டாக்டரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே எண்ண வேண்டியது பதினொரு மணிக்குள் எத்தனை போயிற்று என்பதை. மருத்துவ லேப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரச் சான்று பெறும் லேப்புகள் தங்கள் ரிப்போர்ட் நேரத்தைத் தாங்களே அறிவித்து அதைக் கண்காணிக்கவும் வேண்டும்.

தவறிய பத்தையும் எடுத்து, டோக்கன் நேரம், ரத்தம் எடுத்த நேரம், உள்ளே வாங்கிய நேரம், வெளியான நேரம் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் நின்றது என்பது தெரிந்துவிடும். பார்கோடு இருக்கும் லேப்பில் இந்த நேரங்கள் தாமாகப் பதிவாகும்; இல்லாத இடத்தில் டியூப் லேபிளிலேயே பேனாவால் எழுதலாம். ரத்தம் எடுத்த நேரத்தை மட்டும் மதியம் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பக் கூடாது. 7.30, 7.30, 7.30 என்று வரிசையாக ஒரே எண் எழுதியிருக்கும் நோட்டை வைத்து எந்தத் தவறையும் கண்டுபிடிக்க முடியாது.

ஓ.பி. நேரம் பத்தரைக்கு மாறினால், இருதய நோய்க்குப் புதிய டாக்டர் ஒருவர் சேர்ந்து காலைக் கூட்டம் 130 ஆனால், இந்தக் கணக்கு முழுவதையும் பதினொரு மணியிலிருந்து மறுபடி பின்னோக்கிப் போட வேண்டியிருக்கும். 130 பேருக்கு நான்கு நாற்காலிகள் போதாது. ஐந்தாவதாக ஒருவரை 6.15க்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் போர்டில் எழுதியிருக்கும் 8.30ஐ எட்டு மணியாக மாற்றிப் பிந்தி வருபவர்களுக்குப் பன்னிரண்டரை என்று அறிவிக்க வேண்டும். எதைச் செய்வது என்று லேப் தலைவரும் மருத்துவமனை நிர்வாகமும் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து, புதிய டாக்டர் சேர்வதற்கு முன்பே முடிவு செய்யலாம்.